முதல் மூன்று வேலைநாள்

மாதக் கணக்கை முடிக்கும்போது எந்த நாளில் எவ்வளவு வேலை குவியும் என்பதைத் தேதியை வைத்துக் கணித்தால் தப்பாகிவிடும். ஒரு மாதம் 1ஆம் தேதி ஞாயிறாக இருக்கும், அடுத்த மாதம் புதனாக இருக்கும். மாதம் முடிந்தபின் வரும் முதல் வேலைநாள், இரண்டாம் வேலைநாள் என்று எண்ணினால்தான் பழைய மாதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

சங்கராபுரத்தில் உரமும் பூச்சிமருந்தும் மொத்தமாக விற்கும் கடை ஒன்றில் நான்கு பேர் கணக்கு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு மணி வீதம் 32 மணி நேரம் கையில் இருக்கிறது. கடந்த ஆறு மாதங்களில் முதல் வேலைநாளுக்குப் பிடித்த நேரம் 38, 41, 36, 52, 40, 39 மணி. இதில் 52 என்பது மார்ச் முடிந்தபின் வந்த முதல் வேலைநாள். ஆண்டுக் கணக்கும் சேர்ந்தது. அதைத் தனியே வைத்துவிட வேண்டும். மற்ற ஐந்தின் சராசரி 39-க்குச் சற்றுக் குறைவு. ஆனால் சராசரிக்குத் திட்டமிட்டால் ஏறக்குறைய பாதி மாதங்களில் ஆள் போதாது என்பதால் 41-ஐ எடுப்பதே நல்லது. சம்பா நடவில் விற்பனை ஏறும் மாதங்களுக்கு முந்தைய ஆண்டின் அதே மாதத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய நேரத்தைத் திரட்டுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். டேலியில் ரசீதுகளை எண்ணினால் ரசீதில் போட்ட தேதிதான் கிடைக்கும். 31ஆம் தேதியிட்ட பதிவை 3ஆம் தேதி உட்கார்ந்து அடித்திருப்பார்கள். யார் என்றைக்கு எத்தனை மணி எதற்குச் செலவிட்டார் என்று ஒரு நோட்டில் எழுதுவதே சரியான ஆதாரம். கிடங்கிலிருந்து இருப்புப் பட்டியல் வராமல் காத்திருந்த நேரத்தையும் அதில் தனியாகக் குறிக்க வேண்டும். காத்திருப்பை வேலையோடு சேர்த்தால், பட்டியல் தாமதத்துக்கு மருந்தாக ஆள் கூட்டியதாகிவிடும்.

குறையும் ஒன்பது மணியைக் கூடுதல் நேரத்தில் ஈடுகட்டவும் எல்லை உண்டு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி கூடுதல் நேரத்தோடு சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. ஆறு நாள் வாரத்தில் மூன்று நாள் பத்து மணி, மூன்று நாள் எட்டு மணி என்றால் 54 நிரம்பிவிடும். நால்வரும் பத்து மணி இருந்தாலும் 40 மணிதான், 41-க்கு ஒரு மணி குறையும். வங்கிக் கணக்கை ஒத்துப் பார்ப்பதையும் ஊர்க்கடைக்காரர்களின் பாக்கிப் பட்டியலையும் வாராவாரம் முடித்தால் அந்தச் சுமை முன்கூட்டியே கரையும்.

அதன்பின் 7ஆம் தேதி டி.டி.எஸ்., 11ஆம் தேதி GSTR-1, 15ஆம் தேதி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., 20ஆம் தேதி GSTR-3B என்று வரிசை நிற்கிறது. ஆகவே விடுப்பும் ஓய்வும் 21ஆம் தேதிக்குப் பின்னரே கொடுக்க முடியும்.

கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் மூன்று மாதம் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால், 41 என்ற எண்ணை மாற்றியாக வேண்டும்.