ஒல்லிக் கூறு பிழையல்ல: உட்பிரிவு வடிவச் சோதனை குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

வடிவம் சரியில்லை என்று உட்பிரிவு மனுக்களைத் திருப்பும் சுற்றறிக்கை பற்றி நம் உறுப்பினர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வந்த கட்டுகள் அவரவர் மேசையிலேயே கிடக்கின்றன. செயற்குழு பெரும்பான்மையாக ஏற்ற நிலைப்பாடு இது.

1. வடிவச் சோதனையைச் சங்கம் கொள்கை அளவில் எதிர்க்கவில்லை. ஜி-லைனிலிருந்து 12.4 மீட்டர் என்றுள்ள ஆஃப்செட்டை 124 என்று தட்டிவிட்டால், புலத்திலிருந்து ஊசிபோல் ஒரு முனை நீளும். புலத்தின் பரப்பை, அதைச் சுற்றி வரையக்கூடிய மிகச் சிறிய செவ்வகத்தின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் நிரப்பு விகிதம் அப்போது சட்டென இறங்கும். சுற்றளவை வைத்துக் கணக்கிடும் கச்சித எண்ணும் (4πA/P²) இறங்கும். வட்டத்துக்கு அது 1, சதுரத்துக்கு 0.785. இத்தகைய தட்டச்சுப் பிழைகளைப் பிடிக்க இவை உதவும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

2. எங்கள் ஆட்சேபம் கச்சித எண் 0.3-க்குக் கீழே போனாலே மனுவைத் திருப்புவதில்தான். 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள ஒரு நஞ்சையை எடுத்துக்கொள்வோம். சுமார் அரை ஏக்கர். ஒரு தலைப்பில் வாய்க்கால், மறு தலைப்பில் வண்டிப்பாதை. நான்கு பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு கூறும் 25-க்கு 20 மீட்டர். கச்சித எண் 0.78. கணினிக்கு மகிழ்ச்சி. ஆனால் மடை ஒருவருக்கு, பாதை இன்னொருவருக்கு. நடுவிலுள்ள இருவரும் தண்ணீருக்கும் வழிக்கும் அண்டைக் கூறுகாரர் தயவை நம்பியிருக்க வேண்டும். அடுத்த தலைமுறையில் அது உரிமையியல் வழக்காகும். அதனால்தான் குடும்பங்கள் நெடுக வெட்டுகின்றன: ஆளுக்கு 5 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம். ஒவ்வொரு கூறுக்கும் வாய்க்கால் உண்டு, பாதை உண்டு. கச்சித எண் மட்டும் 0.14. பிள்ளைகள் நால்வரும் கையெழுத்திட்டுப் பதிவுசெய்த பாகப்பிரிவினையை, வரப்பில் கால் வைக்காத ஒரு எண் நிறுத்திவைக்கிறது. பட்டா இல்லாமல் பயிர்க்கடனுக்கு அலைபவரிடம் ‘உங்கள் நிலம் கச்சிதமாக இல்லை’ என்று எந்த முகத்தோடு சொல்வது? அளந்தது தப்பு என்றால் வந்து அளந்து காட்டட்டும். ஒல்லியாக இருப்பது தப்பு என்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

3. இந்த ஒல்லிக் கூறு ஒரு துல்லியமான செவ்வகம். அதன் நிரப்பு விகிதம் 1 என்றே வர வேண்டும். ஆனால் அந்த விகிதத்திலும் இத்தகைய கூறுகள் தோற்றதாகத் திரும்பியிருக்கின்றன. கணினிப் பிரிவு பயன்படுத்துவது ST_Envelope என்று, கட்டளையைப் பார்த்த உறுப்பினர்கள் தெரிவிக்கின்றனர். அது வடக்கு, கிழக்கு அச்சுகளுக்கு இணையான செவ்வகத்தை மட்டுமே வரையும். 45 பாகை சாய்ந்து கிடக்கும் இதே கூறுக்கு அது தரும் விகிதம் 0.09. நிலத்தோடு சேர்ந்து சாயும் செவ்வகத்துக்கு ST_OrientedEnvelope இருக்கிறது. அதில் 1 வரும். கட்டளையில் ஒரு பெயரை மாற்றாத குறைக்கு நில உரிமையாளர்கள் அலைய வேண்டியதாகியிருக்கிறது.

4. அடுத்தடுத்த புலங்களைத் தனித்தனியாக ஏற்றும்போது நடுவே விழும் பொய் இடுக்குகளைப் பிடிக்கவே இந்த ஏற்பாடு என்று ஒரு விளக்கம் தரப்பட்டது. இடுக்கும் ஒல்லி, பாகமும் ஒல்லி. மேற்சொன்ன இரண்டு எண்களும் விகிதங்கள் மட்டுமே, அளவு தெரியாதவை. வேறுபடுத்த அகலத்தைப் பார்க்க வேண்டும். இரு மடங்கு பரப்பைச் சுற்றளவால் வகுத்தால் தோராய அகலம் கிடைக்கும்: நம் கூறுக்கு 4.8 மீட்டர், 100 மீட்டர் நீள இடுக்கு ஒன்றுக்கு 0.3 மீட்டர். மூன்றாவதாக இதைச் சேர்த்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

5. பின்மனைக்கு 3 மீட்டர் வழிவிட்டுப் பிரித்த ‘எல்’ வடிவ மனைகளும், ஓடை, வாய்க்கால் புறம்போக்குகளும் இயல்பாகவே சோதனையில் தோற்கும். இவற்றுக்கு விலக்கு வேண்டும்.

6. எல்லைமதிப்பு எதுவாக இருக்க வேண்டும் என்பதில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரே எண் பொருந்தாது என்பதே பொதுவான எண்ணம். கீழ்க்கண்டவற்றில் வேறுபாடு இல்லை:

அ. குறியிடப்பட்ட உட்பிரிவை முதலில் அலுவலகத்திலேயே மூலப் புலப்படத்தோடும் பத்திர அளவுகளோடும் ஒப்பிட வேண்டும். அவை ஒத்துப்போனால் குறியை நீக்கி மனுவை மேலே அனுப்ப வேண்டும்.

ஆ. ஒத்துப்போகாதபோது மட்டும், எந்தக் கல்லில் எந்த அளவு பிசகுகிறது என்று எழுதித் திருப்ப வேண்டும். ‘வடிவம் ஒழுங்கற்றது’ என்ற ஒற்றை வரிக்குப் பதில் எழுதவோ மறு அளவை செய்யவோ உறுப்பினர்களுக்குக் கடமையில்லை.

இ. ஏற்கெனவே திருப்பிய மனுக்களைப் புதிய கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் சங்கம் இறங்கிவராது.