சனிக்கிழமை வெண்டைக்காய்

கெலாங் பாத்தாவின் அடுக்குமாடிகளில் ஒரு வசனத்தை அடிக்கடி கேட்கிறேன். “நாங்க காய்கறிய நேரா விவசாயிகிட்டதான் வாங்குறோம்.” சொல்பவர் முகத்தில் ஒரு பெருமிதம் இருக்கும், ஏதோ இடைத்தரகன் என்ற அரக்கனைக் கொன்றுவிட்டு வந்தவர் போல. இரண்டு வருடங்களாக அந்தப் பெருமிதத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான். அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு: விவசாயியை இடைத்தரகன் சுரண்டியதைவிட நாம் நாசூக்காகச் சுரண்டினோம்.

ஸ்கூடாயில் பொறியியல் படித்துவிட்டு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் பாடத்தில் ஜப்பானியக் கார் தொழிற்சாலைகளின் முறையைப் புகழ்ந்து சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதலில் ஆர்டர், பிறகுதான் உற்பத்தி. சரக்கு தேங்காது, வீணாகாது. அந்த மூளையோடுதான் இந்த வேலையை ஆரம்பித்தேன். வியாழக்கிழமை இரவுக்குள் ஆர்டர் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலை, பக்கத்துத் தோட்டங்களில் எடுத்த காய்கறிகள் வாசலுக்கு வரும். யாருக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கூகுள் படிவத்தில் குறித்தால் போதும். நாற்பது வீடுகள் சேர்ந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெண்டைக்காய் கொடுத்த அண்ணன்தான் முதலில் கேட்டார். “தம்பி, வெண்டக்கா சனிக்கிழமைக்கு மட்டுமா காய்க்கும்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பூ விரிந்து ஐந்து, ஆறு நாளில் வெண்டை பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். பிறகு நார் ஏற ஆரம்பிக்கும். நுனியை ஒடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். உடையாமல் வளைந்தால் அது முற்றல். செடியிலேயே முற்றவிட்டால் அந்தக் காய் மட்டும் போவதில்லை. செடி தன் சத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிட்டுப் புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டாயம் பறிக்க வேண்டும். விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாங்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அண்ணன் பாத்தியில் ஒரு பறிப்புக்கு ஏறக்குறைய 20 கிலோ. இரண்டு வாரத்தில் ஏழு பறிப்பு, 140 கிலோ. எங்கள் நாற்பது வீடுகளும் ஆளுக்கு அரைக் கிலோ வாங்கினால் சனிக்கு 20 கிலோ, இரண்டு சனிக்கு 40. மீதி 100 கிலோ எங்கே போகும்? நாம் எந்த ஆளை ஒழித்துவிட்டதாகப் பெருமைப்படுகிறோமோ, அதே போரோங் வியாபாரியின் லாரிக்குத்தான் போகும். அவரும் மடையர் இல்லை. வாரக் கடைசியில் நல்ல விலை கிடைக்கும் நேரம் பார்த்து அண்ணனின் சரக்கு குறைகிறது என்பதைக் கவனித்தார். “நல்லத கொண்டோவுக்குக் குடுத்துட்டு மிச்சத்த எனக்குத் தள்றியா?” என்று கேட்டு, மற்ற நாள் விலையைக் குறைத்தார். நாங்கள் கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு அந்தப் பக்கமாக ஓட்டையில் ஒழுகிப் போனது. இதை அண்ணன் என்னிடம் புகாராகச் சொல்லவில்லை. ரசீதுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்தது பள்ளி விடுமுறை. நாற்பது ஆர்டர் பதின்மூன்றாகச் சுருங்கியது. “பாலேக் கம்போங் தம்பி, அடுத்த வாரம் பாப்போம்.” பதின்மூன்று வீட்டுக்கு ஆறரைக் கிலோ போதும். பாக்கிப் பதின்மூன்றரைக் கிலோவை எடுக்க லாரியும் வராது, எங்களுக்காக அண்ணன் சனிக்கிழமை லாரியை நிறுத்திவிட்டாரே. அந்த வாரம் என் வீட்டில் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, வெண்டைக்காய் மோர்க்குழம்பு, வெண்டைக்காய் வற்றல். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இதற்கு நடுவில் புலனத்தில் படம் அனுப்பிச் சண்டை போட்ட ஆன்ட்டியையும் சொல்ல வேண்டும். “கருப்பு கருப்பா புள்ளி. பழைய சரக்க தள்ளிட்டீங்க.” அன்று விடியற்காலை பறித்தது அது. வெண்டைக்கு ஏற்ற குளிர் 7 முதல் 10 பாகை வரைதான். வீட்டு ஐஸ்பெட்டியில் நான்கு பாகையில் நாலு நாள் கிடந்தால் தோல் கறுத்துவிடும். அது குளிரால் வந்த காயம், பழசானதன் அடையாளம் அல்ல. காகிதத்தில் சுற்றி, கதவுப் பக்கத் தட்டில் வைத்து, மூன்று நாளுக்குள் சமைத்திருந்தால் தப்பியிருக்கும். ஆன்ட்டி பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். எந்தப் பணத்திலிருந்து என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கேமரன் மலையில் காய்கறிகளை டன் கணக்கில் கொட்டினார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் என்னைப் போலப் பலர் ‘நேரடி விற்பனை’ என்று கிளம்பினோம். நாங்கள் பாடத்தைத் தலைகீழாகப் படித்துவிட்டோம் என்று இப்போது நினைக்கிறேன். அங்கே காய்கறி குப்பைக்குப் போனது இடையில் ஆள் இருந்ததால் அல்ல, லாரி, சந்தை, உணவகம் என்று அந்த இடைச் சங்கிலி அறுந்ததால். போரோங் வியாபாரி விலையை அமுக்குவார், எடையில் கழிப்பார், எல்லாம் உண்மை. ஆனால் செவ்வாய்க்கிழமை பறித்ததையும் எடுப்பார், கோணல் காயையும் எடுப்பார். நாம் செய்யாத ஒரே வேலை அதுதான், விவசாயிக்கு வேண்டிய வேலையும் அதுதான்.

எனக்குப் பாடம் சொன்ன அதே ஜப்பானில், கார் தொழிற்சாலைக்கு வெளியே, இன்னொரு முறை இருந்திருக்கிறது. பெயர் தெய்கெய். 1971இல் தொடங்கிய ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் 1978இல் அதற்குப் பத்து விதிகள் வகுத்தது. அதில் ஒன்று, தோட்டத்தில் விளைந்ததை முழுவதும் உண்பவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. பட்டியலில் குறியிட்டு வாங்குவதில்லை. விளைவதற்கு ஏற்றபடி சமையலை மாற்றிக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அது அங்கேயும் மெலிந்துபோனது. பெண்கள் வேலைக்குப் போனார்கள், வந்த மூட்டையைப் பிரித்துப் பங்கு போட வீட்டில் ஆள் இல்லை. துவாஸுக்கு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பும் நம் வீடுகளுக்கும் இதே சிக்கல்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் மாற்றினேன். இனி தேர்வு கிடையாது. மாதப் பணம் முன்கூட்டியே. பைக்குள் என்ன என்பதைத் தோட்டம் சொல்லும். கீரை வகைகள் நாள் குறித்தால் கேட்கும். கங்கோங் விதைத்து மூன்று, நான்கு வாரத்தில் அறுவடை, ஆகவே வாரம் ஒரு பாத்தி விதைத்தால் வாரம் ஒரு பாத்தி சனிக்கிழமைக்குத் தயார். கடுகுக்கீரையும் அப்படித்தான். வெண்டை, வெள்ளரி, பயத்தங்காய் இவை நாள் பார்க்காதவை. அவற்றிலிருந்து அந்த வாரம் கூடுதலாக வந்தது பைக்குள் போகும், மற்ற நாள் பறிப்பு வழக்கம்போல லாரிக்கு. போரோங் வியாபாரியிடம் நானே போய் எங்களுக்கு எவ்வளவு என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

புது விதியைப் புலனத்தில் போட்டதும் நாற்பது வீடு பதினொன்றானது. போனவர்கள் எல்லாரும் உள்ளூர் விவசாயியை நேசிப்பவர்கள்தான், குழுவை விட்டு விலகும்போதுகூடக் கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டுத்தான் போனார்கள். மிஞ்சிய பதினொன்றில் அந்த ஆன்ட்டியும் இருக்கிறார். போன சனிக்கிழமை பையைத் திறந்து பார்த்துவிட்டு, “மறுபடியும் வெண்டக்காயா?” என்றார். ஆமாம் ஆன்ட்டி, ஒரு கிலோ இருக்கு, என்றேன். “வத்தல் போடலாம், மழை விடணுமே” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.