எண்ணுக்கு ஒரு தாழ்ப்பாள்

ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் என் சித்தப்பா, ஒரு சனிக்கிழமை மாலை ஓசூரிலிருந்து திரும்பும் பேருந்தில் கைப்பேசியைத் தொலைத்தார். சட்டைப் பையில் வைத்திருந்தது, சூளகிரிக்காரர்கள் பேச்சில் மயங்கியிருந்த நேரத்தில் யாரோ உருவிவிட்டார்கள் என்பது அவர் தரப்பு. கைப்பேசி போனதைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படவில்லை. "நம்பரு போயிடுச்சேடா, விவசாயிங்க எல்லாம் அதுலதான கூப்புடுவாங்க" என்பதே அவருடைய புலம்பலாக இருந்தது.

அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. இளமையில் பெங்களூரு கலாசிப்பாளையத்தில் வேலை பார்த்தபோது வாங்கியது அது. ஊர் திரும்பி இத்தனை ஆண்டுகள் ஆகியும் அவர் அதை மாற்றவில்லை. எல்லையோரத்தில் இது சாதாரணம். ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்களிலும் பாதிப்பேர் கர்நாடக எண்ணை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் வாழ்கிறார்கள் என்றே தோன்றும். தொல்லை என்னவென்றால், ராயக்கோட்டைக் கடையில் அந்த எண்ணுக்கு நகல் சிம் தர மறுத்துவிட்டார்கள். அது கர்நாடக வட்டத்து எண், அத்திப்பள்ளிக்குப் போங்கள் என்றார்கள். ஞாயிறு கடை இல்லை. திங்கள் காலை பதினொரு மணிக்குத்தான் புதிய சிம் கைக்கு வந்தது. வேறு ஒரு தொலைபேசியிலிருந்து வாடிக்கையாளர் சேவையை அழைத்து எண்ணை முடக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் நல்லவன் எவனாவது எடுத்து அழைப்பான் என்ற நம்பிக்கையில் அவர் அதைச் செய்யவில்லை.

சுமார் நாற்பது மணிநேரம் அந்தச் சிம் வேறொருவன் கையில் உயிரோடு இருந்தது. நல்வாய்ப்பாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் என்ன நடந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறக்கம் கெட்டது. அந்தக் கணக்கை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

கைப்பேசிக்கு அவர் கடவுக்குறி வைத்திருந்தார். அதனால் பயனில்லை. சிம்மை உருவி வேறொரு மலிவுக் கைப்பேசியில் செருகினால், திருடன் அந்த எண்ணுக்கு உரியவனாகிவிடுகிறான். அவன் செய்யக்கூடியவற்றுள் ஒன்று, கீழ்க்கண்ட குறுஞ்செய்தியை 1900 என்ற எண்ணுக்கு அனுப்புவது.

```
PORT 10-இலக்க எண்
```

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதிக்கான முதல் படி இது. இவ்வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் உள்ளது. பதிலாக எட்டு எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறியீடு அதே எண்ணுக்கு வரும். யுபிசி என்று அதைச் சொல்கிறார்கள். நம் பகுதியில் அதன் ஆயுள் நான்கு நாள். அதைக் கொண்டுபோய் இன்னொரு நிறுவனத்தின் கடையில் கொடுத்து, அடையாளச் சான்று காட்டினால், அதே வட்டத்துக்குள் மூன்று வேலைநாளில், வேறு வட்டத்துக்கு ஐந்து வேலைநாளில் எண் இடம் மாறிவிடும். பழைய சிம் செத்துவிடும்.

சிம்மே கையில் இருக்கும்போது திருடன் ஏன் எண்ணை மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிம் கையில் இருக்கும்வரை அவனுக்கு அது தேவையில்லை. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொற்கள் தாமாகவே அவனிடம் வந்து சேரும். ஆனால் உரிமையாளர் நகல் சிம் வாங்கிய நொடியில் திருடனிடமிருக்கும் சிம் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. முன்பே வாங்கி வைத்த யுபிசிதான் அதன் பிறகும் அவனிடம் எஞ்சுகிறது. நமக்குத் திரும்பக் கிடைத்ததாக நாம் நம்பும் எண்ணை, அதைக் கொண்டு மறுபடி பறிக்கலாம்.

இந்த ஆபத்தை ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அறியாமல் இல்லை. 2024 மார்ச்சில் விதியைத் திருத்தி, அவ்வாண்டு ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் புதிய யுபிசி வழங்கக்கூடாது என்றது. நல்ல விதி. நகல் சிம்மை ஏமாற்றி வாங்கிய ஒருவன் உடனே எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கடத்துவதை அது தடுக்கிறது. ஆனால் அது யுபிசி வழங்குவதைப் பற்றிய விதி. சனிக்கிழமை இரவே வழங்கப்பட்டுவிட்ட ஒன்றின் நான்கு நாள் ஆயுள், திங்கள் காலை சித்தப்பா சிம் வாங்கியபோது இன்னும் முடிந்திருக்கவில்லை.

சரி, தவறான கோரிக்கையை நிறுத்த வழி இல்லையா? உண்டு. கோரிக்கை பதிவான 24 மணி நேரத்துக்குள் இப்படி ஒரு செய்தியை 1900க்கு அனுப்பினால் அது ரத்தாகும்.

```
CANCEL 10-இலக்க எண்
```

இங்கேதான் எனக்கு வியப்பும் எரிச்சலும் ஒருங்கே வந்தன. நகல் சிம் மோசடிகளைத் தடுக்க, தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் வேறொரு ஆணையிட்டது. புதிய சிம் செயல்படத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்கு அதில் குறுஞ்செய்தி வரவும் கூடாது, போகவும் கூடாது. திருடன் நகல் சிம் எடுத்தால் அவனுக்கு வங்கிச் செய்திகள் போகாதிருக்க இந்த ஏற்பாடு. இதுவும் நல்ல விதிதான். ஆனால் திங்கள் பதினொரு மணிக்குச் சித்தப்பா சிம் வாங்குகிறார். பன்னிரண்டு மணிக்குத் திருடன் கடையில் யுபிசியைக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் பதினொரு மணிவரை எச்சரிக்கைச் செய்தி எதுவும் அவருக்கு வராது, CANCEL என்று அனுப்பவும் முடியாது. மீதி ஒரு மணி நேரத்தில், நடந்தது எதுவும் தெரியாத ஒரு தக்காளி வியாபாரி அதை ரத்துசெய்ய வேண்டும். தனித்தனியே சரியான இரண்டு பாதுகாப்புகள் சேரும் இடத்தில் ஓர் ஓட்டை விழுகிறது.

திருடன் அடையாளச் சான்றுக்கு எங்கே போவான் என்பது மிச்சமிருக்கும் தடை. அதையே ஒரே நம்பிக்கையாகக் கொள்ள முடியாது. 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எக்ஸ் கணக்கிலிருந்து பிட்காயின் பற்றிய பொய் அறிவிப்பு ஒன்று வெளியாயிற்று. அந்தக் கணக்கோடு இணைந்த தொலைபேசி எண்ணுக்கு, அலபாமா மாநிலத்தில் ஓர் இளைஞன் போலி அடையாள அட்டையோடு கடைக்குப் போய் நகல் சிம் வாங்கியதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அவனுக்கு 2025இல் பதினான்கு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. பங்குச்சந்தையையே கண்காணிக்கும் அமைப்பின் எண்ணைக் கடைக்காரர் தூக்கிக் கொடுத்தார் என்றால், மண்டிக்காரர் எண் எம்மாத்திரம்?

அதே நாட்டில் பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு ஒரு பூட்டைத் தருகின்றன. ஆபத்து வருவதற்கு முன்பே, அமைதியான ஒரு நாளில், என் எண்ணை எவர் கேட்டாலும் வெளியே விடாதே என்று பதிந்துவைக்கலாம். வேறு நிறுவனத்துக்குப் போக நாமே விரும்பினால் பூட்டைத் திறந்து, தனிக் குறியீடு பெற்றுக்கொள்ள வேண்டும். இத்தகைய பூட்டை இலவசமாகத் தர வேண்டும் என்று அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையமும் 2023 நவம்பரில் ஆணை பிறப்பித்தது.

நம்மிடம் அது இல்லை. யுபிசியை அதற்கு இணையாகச் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. நாம் முன்கூட்டி வைத்து மனத்தில் காக்கும் இரகசியம் அல்ல அது. கேட்டபிறகு பிறப்பது, கேட்டவன் கையிலேயே விழுவது. நம் விதியில் எண் மாற்றத்தை மறுக்கச் சில காரணங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்: பாக்கித் தொகை, நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகாமை, நீதிமன்றத் தடை என்று. "உரிமையாளர் பூட்டி வைத்திருக்கிறார்" என்பது அந்த வரிசையில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஓசூர் ஆலை ஒன்றின் பெயரில் உள்ள எண்ணை மாற்ற அந்த ஆலையின் அதிகாரக் கடிதம் தேவை, பழைய நிறுவனம் அதைச் சரிபார்க்கும். ஆலையின் எண்ணுக்கு இருக்கும் இந்தக் காவல், அங்கே வேலை செய்யும் தொழிலாளியின் எண்ணுக்கு இல்லை.

பூட்டைக் கொடுத்தால் நிறுவனங்கள் அதையே சாக்காக வைத்து வாடிக்கையாளரைச் சிறைப்பிடிக்கும் என்று ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பே. மறுக்கும் காரணங்களை டிராய் எண்ணி எண்ணி வரையறுத்ததும் அதனால்தான். ஆனால் சாவி வாடிக்கையாளரிடம் இருந்தால் சிறை ஏது? ஆதாரின் கைரேகையை இன்று எவரும் தாமே பூட்டி, வேண்டும்போது சில நிமிடங்களுக்குத் திறக்கலாம். வங்கி அட்டையின் இணையப் பயன்பாட்டை நாமே அணைக்கவும் திறக்கவும் ரிசர்வ் வங்கி 2020இல் வழி செய்தது. இரண்டுக்கும் அடியில் இருப்பது கைப்பேசி எண். அடித்தளத்துக்கு மட்டும் தாழ்ப்பாள் இல்லை. பூட்டு விருப்பத்துக்கு உரியதாக இருக்கட்டும், யுபிசியையும் நகல் சிம்மையும் சேர்த்தே தடுக்கட்டும், குறியீட்டை மறந்த முதியவர் நேரில் போய்ச் சில நாள் காத்திருந்து திறக்கட்டும். நான் கேட்பது இவ்வளவே.

அதுவரை நம் கையில் இருப்பது சிம் பின் என்ற சிறு பூட்டு. கைப்பேசி அமைப்பில் பாதுகாப்புப் பகுதியிலோ மொபைல் இணைப்புப் பகுதியிலோ அது இருக்கும். அதை வைத்துவிட்டால் சிம்மை உருவி வேறு கருவியில் செருகுகிறவனிடம் அது நான்கு இலக்கம் கேட்கும், சொல்லாமல் 1900க்கு ஒரு செய்தியும் போகாது. தொடங்கும்போது நிறுவனம் வைத்திருக்கும் பழைய குறியீட்டைக் கேட்கும், அதை ஊகிக்க வேண்டாம், வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு பக் என்ற எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். அதிலும் பத்து முறை தவறினால் சிம் அழிந்துவிடும். கடைக்குப் போய் நகல் சிம் வாங்குகிறவனை இது தடுக்காது என்பதையும் மறக்கக்கூடாது. கைப்பேசி தொலைந்தால் முதல் வேலை எண்ணை முடக்குவது. "உங்கள் சிம் துண்டிக்கப்படும்" என்று சொல்லி எட்டு எழுத்துக் குறியீட்டைக் கேட்கிறவனுக்கு அதைச் சொல்லவே கூடாது.

சித்தப்பாவின் புதிய சிம்மில் அந்தப் பூட்டை நானே வைத்துக் கொடுத்தேன். "நாலு நம்பரா, மறந்துட்டா என்னடா பண்றது?" என்றார். மண்டிச் சாவியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். இடுப்பைத் தொட்டுக் காட்டினார். கடைக்கு உள்ள தாழ்ப்பாளை அவர் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. எண்ணுக்கு உரியதை மட்டும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.