முப்பது நாளும் நாற்பத்திரண்டு நாளும்

குழு மருத்துவக் காப்புறுதி இருக்கும் தொழிலிடங்களில் எமது அங்கத்தவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள், பிறந்த வருடத்திலேயே அந்தக் காப்புறுதிக்கு வெளியே நிற்கும் நிலை அடிக்கடி வருகிறது. அதற்குக் காரணம் பெற்றோரின் அசட்டை என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. நாம் அதை மறுக்கிறோம். இரண்டு காலக்கெடுக்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளியில்தான் பிள்ளை விழுகிறது.

முதலில் ஏற்பாட்டைப் பார்ப்போம். குழுக் காப்புறுதியில் ஒப்பந்தம் செய்பவர் தொழில்வழங்குநர். நாம் அந்தப் பட்டியலில் இருக்கும் பெயர்கள் மாத்திரமே. பட்டியல் வருடத் தொடக்கத்தில் மூடப்படும். நடுவில் அதைத் திறப்பதற்குச் சில காரணங்களைத்தான் கம்பனிகள் ஏற்கின்றன: புதிதாக வேலைக்குச் சேருதல், திருமணம், பிள்ளை பிறத்தல். பிள்ளை பிறந்தால் குறித்த நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் இது 30 நாட்கள். அந்த நாட்கள் கடந்தால் அடுத்த புதுப்பித்தல் வரை பிள்ளைக்கு இடமில்லை.

இப்போது நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். பிறப்பைப் பதிவு செய்ய அது 42 நாட்கள் தருகிறது. சட்டம் 42 நாட்கள் தந்திருக்கும் ஒரு பத்திரத்தை, கம்பனி 30 நாட்களுக்குள் கேட்கிறது. சட்டப்படி நடந்த தகப்பனும் கம்பனியின் கணக்கில் பிந்தியவராகிவிடுகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காப்புறுதி வருடம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை மார்ச் 4ஆம் திகதி பிறக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது எமது வழக்கம். ஆகவே பிரசவம் தாய்வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நடக்கிறது. பிறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்தப் பிரிவின் பதிவாளரிடந்தான் பதிய வேண்டும். தகப்பன் வேலை செய்யும் ஊரின் பதிவாளர் அதைப் பதிய மாட்டார். அவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டும். பல வீடுகளில் முப்பதாம் நாள் தீட்டுக் கழித்த பிறகுதான் பெயர் வைப்பார்கள். பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம், பெயரைப் பின்னர் சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதனால் பெயர் வைக்கும்வரை காத்திருக்கிறார்கள். பிறந்த நாளைத் தவிர்த்து எண்ணினால் 30ஆம் நாள் ஏப்ரல் 3. சட்டம் தரும் 42ஆம் நாள் ஏப்ரல் 15. அதற்கு முன்னால் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. தகப்பன் ஏப்ரல் 9ஆம் திகதி பதிந்து பத்திரத்தை எடுத்து வந்தால், பதிவாளருக்கு அவர் நேரத்தோடு வந்தவர். காப்புறுதிக்கு ஆறு நாட்கள் பிந்தியவர். அந்த ஆறு நாட்களுக்காக டிசம்பர் கடைசிவரை பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை.

காலக்கெடு எதற்கு என்று கேட்டால் கம்பனிகளுக்கு ஒரு பதில் உண்டு. பிள்ளைக்கு நோய் கண்ட பிறகு பெயரைச் சேர்க்க ஓடி வருவதைத் தடுக்க வேண்டும் என்கிறார்கள். அந்த நியாயத்தை நாம் ஏற்கிறோம். ஆனால் அதைத் தடுக்க அறிவித்தல் போதும். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் பெற்றோர் எழுத்தில் அறிவித்துவிட்டால், நோய் வரும்வரை காத்திருந்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. அறிவித்தல் வேறு, அத்தாட்சி வேறு. அறிவித்தலுக்கு 30 நாட்கள் வையுங்கள். அத்தாட்சிக்கு, சட்டம் தந்த 42 நாட்களும் பத்திரம் கைக்கு வரும் காலமும் கொடுங்கள். இடைக்காலத்தில் ஆஸ்பத்திரி கொடுக்கும் டிக்கட்டையும் பிள்ளையின் சுகாதாரக் குறிப்பேட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறந்த திகதி, தாயின் பெயர், ஆணா பெண்ணா என்ற விபரங்கள் அவற்றில் உண்டு.

அரசாங்க ஆஸ்பத்திரி இலவசந்தானே, ஒரு மாதப் பிள்ளைக்குக் காப்புறுதி எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். வார்ட்டில் கட்டில் இலவசம். வெளியே எழுதிக் கொடுக்கும் மருந்தும் இரத்தப் பரிசோதனையும் இலவசமல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை தரும் காப்புறுதிகளும் உண்டு. மஞ்சள் காமாலையோடு பிள்ளை ஒரு கிழமை வார்ட்டில் இருந்தால், சம்பளம் இழந்து பக்கத்தில் இருக்கும் தாய்க்கு அந்தத் தொகை பெரிது.

செலவு கூடும் என்ற வாதமும் நிற்காது. நடுவில் சேரும் பிள்ளைக்கு, மீதி நாட்களுக்கான கட்டுப்பணத்தைத்தான் பொதுவாக அறவிடுவார்கள். பிள்ளைக்கு வருடக் கட்டுப்பணம் 6,000 ரூபா என்று உதாரணத்துக்கு வைத்தால், மார்ச் 4 முதல் டிசம்பர் 31 வரையான 303 நாட்களுக்குச் சுமார் 4,980 ரூபா வரும். பத்திரம் பிந்தி வந்ததால் இந்தத் தொகை ஒரு சதமும் கூடுவதில்லை.

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. அங்கத்தவர் 26ஆம் நாள் கடிதத்தைக் காரியாலயத்தில் கொடுக்கிறார். அது மேசையில் கிடந்து, மாதக் கடைசிக் கட்டோடு போய், 37ஆம் நாள் கம்பனியைச் சேர்கிறது. "பிந்திவிட்டது" என்று பதில் வருகிறது. ஒப்பந்தக்காரர் தொழில்வழங்குநர். அவருடைய மேசையில் போன பதினொரு நாட்களுக்குப் பிள்ளை ஏன் தண்டனை பெற வேண்டும்?

ஆகவே அடுத்த புதுப்பித்தலுக்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் எழுதப்பட வேண்டும் என்று கோருகிறோம். காரியாலயத்தில் அறிவித்தல் கொடுத்த திகதியே கணக்கில் எடுக்கப்பட வேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரம் பின்னர் வரலாம், அதுவரை ஆஸ்பத்திரிப் பத்திரங்கள் ஏற்கப்பட வேண்டும். பாதுகாப்பு பிறந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும். இந்த மூன்றாவதைக் கவனியுங்கள். சில ஒப்பந்தங்களில் பிறந்த முதல் சில நாட்களோ வாரங்களோ விலக்கப்பட்டிருக்கும். பிள்ளையைச் சேர்த்த பிறகும் கோரிக்கை மறுக்கப்படுவது அங்கேதான்.

அந்த வரிகள் வரும்வரை அங்கத்தவர்கள் செய்ய வேண்டியது இது. பிள்ளை பிறந்த கிழமையே எழுத்தில் அறிவியுங்கள். ஆஸ்பத்திரிப் பத்திரத்தின் போட்டோப் பிரதியை இணையுங்கள். "பத்திரம் பின்னர் சமர்ப்பிக்கப்படும்" என்று எழுதுங்கள். கடிதத்தின் இரண்டாவது பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்காமல் காரியாலயத்தை விட்டு வராதீர்கள். பதிவாளரிடம் கையொப்பமிடும் முன் தாய் தகப்பன் பெயர்களை அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். சிங்களத்தில் எழுதப்படும் எமது பெயர்களில் ஓர் எழுத்து மாறினாலும் கம்பனி கோப்பைத் திருப்பி அனுப்பும். கடைசியாக, பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறியதா என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளத்தில் வெட்டியது பெயர் ஏறியதற்கு அத்தாட்சியல்ல.

மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். கையொப்பமிட்ட அந்தப் பிரதியோடு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். முதலில் நிர்வாகத்திடமும் காப்புறுதிக் கம்பனியிடமும் எழுத்தில் கேட்போம். அங்கே தீராவிட்டால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடுவோம். திகதியுள்ள அந்த ஒற்றைத் தாள் இல்லாவிட்டால், அங்கேயும் எமது வாய்ச்சொல்லுக்கு எதிராக அவர்களுடைய கோப்புத்தான் பேசும்.