ஹோட்டல் எடுத்து நடத்தப் போறீங்களா? முதல்ல இந்த நாலு நாள் கணக்கைப் பாருங்க

போன மாசம் ஐடி வேலையில இருக்கும் ஒரு நண்பர், ஓடிக்கிட்டிருக்கும் ஒரு டிஃபன் கடையை வாங்கலாமான்னு கணக்கோட வந்தார். மாசம் 4,000 பில், சராசரி பில் ₹150. மளிகை, காய்கறி, பார்சல் டப்பா எல்லாம் சேர்த்து பில்லுக்கு ₹60. வாடகை, மாஸ்டர் சம்பளம், இதர செலவுன்னு மாசம் ₹2,40,000. கரண்ட், கேஸ், தினக்கூலி ஆட்கள் மூணுக்கும் சேர்த்து ₹78,000. இதையும் அவர் ஃபிக்ஸட் செலவுலயே போட்டுட்டார். 5,000 பில் ஆனா ₹1,32,000 லாபம்னு கண்ணு மின்னுச்சு.

அங்கதான் தப்பு. இந்த ₹78,000 பாதி நிலையானது, பாதி வியாபாரத்தோட ஏறி இறங்குறது. பிரிக்கிறது சுலபம். பில் எண்ணிக்கை அதிகமா இருந்த மாசத்தையும் குறைவா இருந்த மாசத்தையும் எடுங்க. 4,400 பில் போன மாசம் இந்தச் செலவு ₹84,000. 3,000 பில் போன மாசம் ₹63,000. 1,400 பில்லுக்கு ₹21,000 வித்தியாசம், அதாவது பில்லுக்கு ₹15. 3,000 பில்லுக்கு ₹45,000 போக, மீதி ₹18,000தான் நிலையான செலவு. (ஃப்ரீசர் ரிப்பேர் வந்த மாசத்தை எடுத்தீங்கன்னா கணக்கு கோணலாயிடும்.)

இப்போ மொத்த நிலையான செலவு ₹2,58,000. ஒரு பில்லுல கையில நிக்கிறது 150-லிருந்து 75 போக ₹75. வகுத்தா பிரேக் ஈவன் 3,440 பில். 5,000 பில் போனாலும் லாபம் ₹1,17,000தான். அதுவும் இன்னொரு மாஸ்டர் போடாம சமாளிச்சா.

4,000 பில்லுக்கு லாபம் ₹42,000. மார்ஜின் ஆஃப் சேஃப்டி 560 பில், 14 சதவீதம். சதவீதமா சொன்னா யாருக்கும் உறைக்காது, அதனால நான் நாளா மாத்திச் சொல்லுவேன். ஒரு நாளைக்கு 133 பில். நாலு நாள் மழையில கடை மூடினா, மாச லாபம் கிட்டத்தட்ட காலி. மாஸ்டருக்கும் வாடகைக்கும் மழை கிடையாதே!

இன்னொண்ணு அவர் எழுதவே இல்ல: அவரோட சம்பளம். காலை அஞ்சு மணிக்கு கடை திறக்கப் போறவர் அவர்தான். என்னைக் கேட்டா, அதையும் நிலையான செலவுல போட்டே ஆகணும். மாசம் ₹40,000 வீட்டுக்கு எடுக்கிறார்னு வெச்சாலே பிரேக் ஈவன் 3,974 பில். மிச்சம் இருக்கிறது 26 பில், ஒரு காலை நேர வியாபாரம்கூட இல்ல.

"அப்போ வாங்க வேண்டாமா?"ன்னு கேட்டார். இந்த விலைக்கும் இந்த வாடகைக்கும் வேண்டாம்னேன். சராசரி பில்லை ₹160 ஆக்கி, கூட்டம் குறையாம இருக்கான்னு பழைய ஓனரை வெச்சே ரெண்டு மாசம் பார்க்கச் சொல்லியிருக்கேன். அந்தப் பத்து ரூபாய் நின்னா, அவர் சம்பளத்தையும் சேர்த்தே பிரேக் ஈவன் 3,506 பில்லுக்கு இறங்கிடும்.