ஆர்யபட்டரின் பாதி, பிரம்மகுப்தரின் மூன்றில் ஒன்று

புணே பல்கலைக்கழக வளாகத்தில் ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையம் இருக்கிறது. 1988-இல் ஜயந்த் நார்லிகர் தொடங்கியது. கட்டடம் சார்லஸ் கொரியாவின் வடிவமைப்பு. அதன் நடுமுற்றத்தில் கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் ஆகியோருக்குச் சமமாக ஆர்யபட்டருக்கும் சிலை உண்டு. முகம் சிற்பியின் கற்பனை. ஆர்யபட்டர் எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய கணக்குகள் மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும், அவற்றில் தவறானவை உட்பட.

பொ.ஆ. 499-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆர்யபட்டீயத்தின் கணிதப் பகுதியில், ஆறாவது பாடலின் முதல் பாதி முக்கோணத்தின் பரப்பைச் சொல்கிறது: அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்கு. சரியான விதி. அதே பாடலின் இரண்டாம் பாதி, முக்கோணத்தை அடியாகக் கொண்டு உச்சியில் கூடும் பிரமிடின் கன அளவைச் சொல்கிறது: அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்கு. இது தவறு, மூன்றில் ஒன்றாக்க வேண்டும். 3.1416 என்று வட்டத்துக்கு நுணுக்கமான மதிப்பு தந்தவர், தட்டையான உருவத்துக்குப் பாதி என்றால் கனமான உருவத்துக்கும் பாதிதானே என்று ஒப்புமையில் சறுக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவரைக் காப்பாற்ற அந்தப் பாடலுக்கு வேறு பொருள் கண்ட அறிஞர்களும் உண்டு. எனக்கு அந்த முயற்சி தேவையற்றதாகவே படுகிறது. ஏனென்றால் அவருடைய உரையாசிரியரே 'பாதி' என்று வாசித்து, கணக்கும் போட்டுக் காட்டிவிட்டார்.

அந்த உரையாசிரியர் முதலாம் பாஸ்கரர். உரையின் காலம் 629. அவர் எடுத்துக்கொண்ட உருவம் எல்லா விளிம்புகளும் 12 அலகு கொண்ட முக்கோணப் பிரமிடு. நீர்ச் சிங்காடாக் காயின் பெயரால் அதை அழைக்கிறார்கள். விரத நாள்களில் புணேக்காரர்கள் மாவாக்கிச் சாப்பிடும் அதே காய்தான். முதலில் உயரம் காண வேண்டும். சமபக்க முக்கோணத்தின் மையத்திலிருந்து ஒரு மூலைக்கு உள்ள தூரத்தின் வர்க்கம் 48. உச்சியிலிருந்து மூலைக்கு இறங்கும் விளிம்பின் வர்க்கம் 144. செங்கோண முக்கோணத்தில் கழித்தால் உயரத்தின் வர்க்கம் 96, அதாவது உயரம் ஏறத்தாழ 9.8. இதுவரை அப்பழுக்கில்லை. பிறகு அடிப்பரப்பான 62.35-ஐ உயரத்தால் பெருக்கிப் பாதியாக்குகிறார். விடை 93,312-இன் வர்க்கமூலம், சுமார் 305.5. உண்மையான கன அளவு 203.6. சாய்விலிருந்து உயரத்தைத் துல்லியமாகப் பிரித்தெடுத்தவர் கடைசி அடியில் பாதிக்குப் பாதி கூடுதலாகச் சொல்லிவிட்டார்.

இதில் வியப்பு, ஓராண்டு முன்பே 628-இல் பிரம்மகுப்தர், ஒரே அளவாகத் தோண்டிய குழியின் கன அளவை மூன்றால் வகுத்தால் கூராக முடியும் குழியின் கன அளவு வரும் என்று எழுதிவிட்டார் என்பது. ஒரே காலத்தில், ஒரே மொழியில், ஒரே துறையில் பாதியும் மூன்றில் ஒன்றும் அருகருகே இருந்திருக்கின்றன. இரண்டில் எது சரி என்று அன்றே ஒரு மாணவன் கேட்டிருந்தால், சூத்திரத்தைத் திருப்பிச் சொல்லாமல் எப்படித் தீர்த்திருக்கலாம்?

அதற்கு ஒரு கனச்சதுரம் போதும். பக்கம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 1,728. அதன் நட்டநடுப் புள்ளியிலிருந்து எட்டு மூலைகளுக்கும் கோடிழுத்தால் கனச்சதுரம் ஆறு சதுரப் பிரமிடுகளாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு முகமும் ஒரு பிரமிடின் அடி. ஆறுக்கும் உச்சி அந்த நடுப்புள்ளியே. ஆறும் அச்சில் வார்த்தாற்போல ஒன்று, ஆகவே ஒவ்வொன்றின் கன அளவு 1,728-இல் ஆறில் ஒன்று, 288. பிரமிடின் அடிப்பரப்பு 144, உயரம் கனச்சதுரத்தில் பாதி, 6. இரண்டையும் பெருக்கினால் 864. அதில் மூன்றில் ஒன்றுதான் 288. இப்போது 'பாதி' விதியைப் போட்டுப் பாருங்கள். ஆர்யபட்டர் பேசியது முக்கோண அடிதானே என்றால், சதுர அடியை மூலைவிட்டத்தில் வெட்டி இரண்டு முக்கோணப் பிரமிடுகளாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் 72-ஐ 6-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 216, இரண்டுக்கும் 432, ஆறு பிரமிடுகளுக்கும் 2,592. கனச்சதுரத்துக்குள் இருந்த துண்டுகள் சேர்ந்து அந்தக் கனச்சதுரத்தைவிடப் பெரிதாகிவிட்டன. விதி தன்னைத்தானே பொய்யாக்கிக்கொள்கிறது.

உயரம் அடியின் பாதியாக இல்லாவிட்டால்? அதே பிரமிடை மெல்லிய கிடைமட்டத் தகடுகளாக வெட்டியதாக எண்ணிக்கொள்ளுங்கள். உயரத்தை 6-இலிருந்து 8 ஆக்கினால் தகடுகளின் நீள அகலம் மாறுவதில்லை, தடிமன் மட்டும் எட்டுக்கு ஆறு என்ற விகிதத்தில் கூடுகிறது. ஆகவே கன அளவும் அப்படியே கூடி 384 ஆகிறது. அடி 12, உயரம் 8 உள்ள பிரமிடுக்கு 144 × 8 ÷ 3 தருவதும் அதே 384.

முக்கோணத்தின் 'பாதி'யைக் கத்தரிக்கோலாலேயே நிரூபித்துவிடலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். எந்த முக்கோணத்தையும் வெட்டிச் செவ்வகமாக ஒட்டிவிடலாம். பிரமிடுகளுக்கு அது எப்போதும் நடப்பதில்லை. ஒரே அடிப்பரப்பும் உயரமும் கொண்ட இரண்டு பிரமிடுகளில் ஒன்றை வெட்டி மற்றொன்றாக்க முடியாத நிலை உண்டா என்று 1900-இல் ஹில்பர்ட் கேட்டார். உண்டு என்று அவருடைய மாணவர் மாக்ஸ் டேன் விரைவிலேயே நிறுவினார். ஆர்யபட்டர் நம்பிய ஒப்புமை எங்கே முறிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. மெல்லிய தகடுகளாக எண்ணிப் பார்க்கும் மேற்சொன்ன வழி அதனால்தான் தேவைப்படுகிறது.

நம் பள்ளிகளில் இந்த மூன்றில் ஒன்று எப்படி வருகிறது? கூம்பை மணலால் நிரப்பி, அதே அடியும் உயரமும் கொண்ட உருளையில் மூன்று முறை கொட்டினால் நிறைகிறது என்று காட்டுகிறோம். நல்ல சோதனைதான். ஆனால் மூன்று என்பதற்கான காரணம் அதில் இல்லை. மணலைத் தட்டி நிரப்பினாலோ விளிம்பில் குவித்தாலோ விடை மூன்றுக்குச் சற்று முன்பின்னாக வரும். மூன்று வர வேண்டும் என்று முன்பே தெரிந்த ஆசிரியர் அதைச் சரிக்கட்டிவிடுவார். அட்டையில் ஆறு பிரமிடுகள் செய்து ஒரு பெட்டிக்குள் அடுக்கச் சொல்வது இதைவிடப் பலமடங்கு மேல் என்பேன். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: சாயுயரம் காணாமல் அட்டையை வெட்டவே முடியாது.

12 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து, நான்கு பக்கங்களிலும் ஒவ்வொரு முக்கோணம் ஒட்ட வேண்டும். அந்த முக்கோணம் எவ்வளவு உயரம்? உயரம் 6 என்று சொல்லியிருக்கிறார்களே என்று அவசரக்கார மாணவி 6 செ.மீ.யே வெட்டிவிடுகிறாள் என்று கொள்வோம். மடித்தால் நான்கு முக்கோணங்களும் சதுரத்தின்மேல் படுத்து, இடைவெளியின்றி அதை மூடிவிடும். பிரமிடு எழும்பவே எழும்பாது. செங்குத்துயரத்தைச் சாயுயரமாக எடுத்த பிழையை அட்டையே சொல்லிவிடுகிறது. சரியான அளவுக்கு உச்சியிலிருந்து அடியின் மையத்துக்கு ஒரு கோடு, மையத்திலிருந்து ஒரு பக்கத்தின் நடுவுக்கு ஒரு கோடு. முதல் கோடு 6, இரண்டாவது பக்கத்தின் பாதியான 6. 36 + 36 = 72; அதன் வர்க்கமூலம் 8.49. முக்கோணத்தின் உயரம் 8.49 செ.மீ. அப்படி வெட்டினால் ஆறும் பெட்டிக்குள் கச்சிதமாக உட்காரும்.

உயரம் 8 ஆனால் 64 + 36 = 100, சாயுயரம் 10. ஒரு முகத்தின் பரப்பு 12 × 10 ÷ 2 = 60, நான்குக்கும் சேர்த்துப் பக்கப்பரப்பு 240. இந்த இடத்தில் மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இரண்டு வகையில். பக்கத்தின் பாதிக்குப் பதில் முழுப் பக்கத்தையும் எடுத்து 64 + 144 என்று கூட்டுவது ஒன்று. உச்சியிலிருந்து மூலைக்கு இறங்கும் விளிம்பைச் சாயுயரம் என்று கொள்வது இன்னொன்று. விளிம்புக்குத் துணை அரை மூலைவிட்டம், சாயுயரத்துக்குத் துணை அரைப்பக்கம். இந்த ஜோடிகளைக் குழப்பக் கூடாது. பாஸ்கரர் விளிம்போடு மூலைத் தூரத்தைச் சேர்த்ததால்தான் அவருடைய 96 சரியாக வந்தது.

பரீட்சை மண்டபத்தில் அட்டை கிடையாது. அங்கே உயரத்தைச் சுழியாக்கிப் பார்க்கலாம். பிரமிடு அமுங்கி அடியோடு ஒட்டினால், நான்கு முகங்களின் மொத்தப் பரப்பு அடிப்பரப்புக்குச் சமமாக வேண்டும், இங்கே 144. சரியான முறையில் சாயுயரம் 6 ஆகிறது; 4 × 12 × 6 ÷ 2 = 144. முழுப் பக்கத்தை எடுத்தவருக்கு 288 வரும். விளிம்பை எடுத்தவருக்கு 203.6 வரும். அரை நிமிட வேலை.

எந்தக் கேள்வித்தாளும் பொருட்படுத்தாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று என்ற விதிக்கு உச்சி எங்கே இருந்தாலும் கவலையில்லை. ஒரே சாயுயரம் என்ற கணக்கோ உச்சி அடியின் மையத்துக்கு நேர்மேலே இருந்தால்தான் பலிக்கும். 263-இல் சீனத்தின் லியு ஹுய் கையாண்ட பிரமிடில் உச்சி ஒரு மூலைக்கு நேர்மேலே இருக்கும். அப்படி மூன்று சேர்ந்து ஒரு கனச்சதுரமாகும். அடி 12, உயரம் 12 என்றால் அதன் கன அளவு 576, உச்சி நடுவில் உள்ள பிரமிடுக்கும் அதே 576. பக்கப்பரப்போ வேறு. உச்சி நடுவில் இருந்தால் சாயுயரம் 13.42, பக்கப்பரப்பு சுமார் 322. உச்சி மூலையில் இருந்தால் இரண்டு முகங்கள் செங்குத்தாக நின்று தலா 72 தரும், மற்ற இரண்டும் சாய்ந்து தலா 101.8 தரும், மொத்தம் சுமார் 347.6. கேள்வியில் 'நேர்ப் பிரமிடு' என்ற குறிப்பு விட்டுப்போனால், கன அளவுக்கு மட்டுமே விடை உண்டு. பக்கப்பரப்பைக் கேட்பது பிழையான கேள்வி.