உயிருள்ள கருவிக்கு எழுதப்படும் மரணச் சான்று

ஆய்வுத் திட்டம் முடிந்ததும் கைப்பேசியையும் மடிக்கணினியையும் துறையில் ஒப்படைக்கிறோம். அவை இரும்பு அலமாரிக்குள் போகின்றன. ஓராண்டு கழித்து யாரோ எடுத்து விசையை அழுத்துகிறார்கள், திரை ஒளிர்வதில்லை. இருப்புப் பதிவேட்டில் ‘செயலிழந்தது’ என்று ஒரு சொல் ஏறுகிறது. அந்தச் சொல் பெரும்பாலும் பொய் என்பதே என் வாதம். ஆய்வாளருக்கு அது வெறும் கணக்குப் பிழையன்று, தரவின் அழிவு.

என் கள ஆய்வு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோரச் சிற்றூர்களில் நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு விழுந்தாலும் பேச்சு பிரிந்துவிடவில்லை. அந்தப் பேச்சை முதியோரிடம் கேட்டு ஒரு கைப்பேசியில் பதிந்து வந்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நான் ஊர் திரும்பினேன். கைப்பேசி, தங்கியிருந்த வீட்டின் மர அலமாரியில் தங்கிவிட்டது. பத்து மாதம் கழித்துக் கையில் எடுத்தபோது சார்ஜர் இணைத்தும் அசைவில்லை. பழுதுபார்க்கும் கடையில் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது: “போர்டு போயி சாரே, மாற்றணும்.” பதிவில் பேசியிருந்தவர்களுள் இருவர் அதற்குள் காலமாகியிருந்தனர்.

அந்தத் தீர்ப்பை ஏற்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? இன்றைய கைப்பேசிகளின் நினைவகத்திலுள்ளவை மறையாக்கம் செய்யப்பட்டவை. அதைத் திறக்கும் திறவுகோல் அதே பலகையிலுள்ள செயலியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பலகையை மாற்றினால் கருவி ஒளிரும். பதிவுகள் என்றென்றைக்கும் மூடிக்கொள்ளும். பழுது நீக்கம் என்ற பெயரில் நான் காசு கொடுத்து ஓர் ஆவணக் காப்பகத்தைக் கொளுத்தியிருப்பேன்.

உண்மையில் நிகழ்ந்தது வேறு. திரையில் சுழியம் விழுக்காடு காட்டிக் கருவி அணையும்போது லித்தியம் மின்கலம் முற்றாகக் காலியாவதில்லை, ஏறத்தாழ 3.3 வோல்ட்டில் சிறிது மின்னூட்டம் எஞ்சியிருக்கும். அணைந்த கருவியும் முழுமையாக உறங்குவதில்லை. கடிகாரமும் மின்னூட்டத்தை அளக்கும் சில்லும் துளித்துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. மின்கலமும் தனக்குள்ளேயே மெல்லக் கசிகிறது; வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். மின்னழுத்தம் ஏறத்தாழ 2.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் மின்கலத்தின் நெற்றியில் ஒட்டியுள்ள சிறு காப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. இது பழுதன்று, பாதுகாப்பு. ஆனால் வெளியிலிருந்து அளப்பவருக்கு மின்கலம் சுழியம் வோல்ட் காட்டும். கடைக்காரர் கண்டது அந்தச் சுழியத்தைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4000 மில்லிஆம்பியர்-மணி மின்கலம். அணைந்த கருவி 50 மைக்ரோஆம்பியர் குடிப்பதாகக் கொள்வோம். அது மாதத்துக்கு 36 மில்லிஆம்பியர்-மணி. மின்கலத்தின் சொந்தக் கசிவு மாதம் ஒரு விழுக்காடு என்றால் இன்னொரு 40. சுழியம் காட்டி அணைந்தபோது எஞ்சியது 100 என்றால் அது நாற்பது நாளில் தீரும். அதே கருவியைப் பாதி மின்னூட்டத்தோடு அணைத்து வைத்திருந்தால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். கருவிக்குக் கருவி எண்கள் மாறும், போக்கு மாறாது. நாற்பது நாளுக்கும் இரண்டு ஆண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, அலமாரியைப் பூட்டுமுன் ஒரு மணி நேரம் சார்ஜரில் வைத்தோமா என்பது மட்டுமே.

என் கைப்பேசியை வேறொரு தொழில்நுட்பரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் சார்ஜருக்கும் கருவிக்கும் இடையே ஒரு யு.எஸ்.பி. அளவியைச் செருகினார். உறங்கும் மின்கலம் என்றால் ஐம்பது முதல் நூறு மில்லிஆம்பியர் வரை மெல்லிய ஓட்டம் தெரியும். சிறிது நேரத்தில் அது உயரும். பலகையில் குறுக்குச் சுற்று என்றால் பெரும்பாலும் ஓட்டம் மிகுந்து ஓரிடம் சுடும். எனக்கு ஓட்டமே காணவில்லை. அவர் பின்மூடியைத் திறந்து மின்கலத்தின் இணைப்பியில் அளந்தார்: சுழியம். காப்புச் சுற்றுக்கு அப்பால், மின்கலத்தின் சொந்த முனைகளில் அளந்தார்: 2.31 வோல்ட். பலகை போகவில்லை; மின்கலம் கதவை அடைத்திருந்தது. 50 மில்லிஆம்பியர் வரம்பிட்ட மின்வழங்கியால் மெல்ல ஊட்டி, சூடோ வீக்கமோ இல்லையெனத் தொட்டுப் பார்த்தபடி அருகிலேயே இருந்தார். 3 வோல்ட்டைக் கடந்ததும் காப்புச் சுற்று கதவைத் திறந்தது. அதன்பின் சாதாரண சார்ஜரே போதுமானதாயிற்று. அன்று மாலையே பதிவுகள் அனைத்தையும் இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்தேன். மறுநாள் அந்த மின்கலத்தை மாற்றினேன்.

“அப்படியானால் எல்லாவற்றையும் உயிர்ப்பிக்கலாமே” என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த மின்கலத்தில் எதிர்முனையின் செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மீண்டும் ஊட்டும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உட்புறக் குறுக்குச் சுற்றை உண்டாக்கக்கூடும். முடிவு தீயாகவும் இருக்கலாம். அத்தகைய மின்கலத்தை எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். பலகையும் தரவும் அப்போதும் பத்திரமாகவே இருக்கும். மடிக்கணினிகள் சிலவற்றில் மின்கலத்தின் சில்லே நிரந்தரப் பழுது என்று தனக்குள் எழுதிக்கொண்டு ஊட்டத்தை மறுக்கும். அங்கும் மாற்ற வேண்டியது மின்கலத்தையே. காணொளியைப் பார்த்து ஒன்பது வோல்ட் மின்கலத்தை நேராக இணைப்பது துணிச்சலன்று, அறியாமை.

என் சினம் முதலில் கடைக்காரர் மீதன்று. அவருக்குப் பலகையை மாற்றினால் கூலி. நோயறியும் நேரத்துக்கு எவரும் கூலி தருவதில்லை. சினம் நம்மீது. எல்லையோரப் பள்ளி மாணவர்களுக்கும் பெருந்தொற்றுக் காலத்தில் கருவிகள் திரட்டிக் கொடுக்கப்பட்டன. 2021 நவம்பர் 1 அன்று கேரளப் பள்ளிகள் மீண்டும் திறந்ததும் திரும்பிவந்த கருவிகளுக்கு என்ன வழிமுறை எழுதினோம்? வாங்குவதற்கு மூன்று விலைப்புள்ளி கேட்கும் நிர்வாகம், வைத்திருப்பதற்கு ஒரு வரி எழுதுவதில்லை. சுழியத்தில் ஒப்படைக்கப்பட்ட கருவியைச் சரிபார்க்காமல் கையொப்பமிட்டு வாங்குபவரும் பொறுப்பாளியே.

கேட்பது மிகச் சிறிது. பதிவேட்டில் இரண்டு கட்டங்களைச் சேருங்கள்: வைக்கும்போது மின்னூட்டம் எவ்வளவு, கடைசியாக ஊட்டிய நாள் எது. ஐம்பது விழுக்காட்டில் முழுதாக அணைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை எடுத்துப் பாருங்கள். எழுந்திராத கருவியைச் சாதாரண சார்ஜரில் சில மணி நேரம், விசையை மீண்டும் மீண்டும் அழுத்தாமல், கண்பார்வையிலேயே விட்டுவையுங்கள். ஒவ்வொரு அழுத்தலும் சேர்ந்த சிறு மின்னூட்டத்தைத் தின்றுவிடும். வீங்கியிருந்தால் மட்டும் தொடவே வேண்டாம். அதன் பிறகும் எழாவிட்டால் “மின்கல முனையில் எத்தனை வோல்ட்?” என்று கேளுங்கள். அந்த எண் எழுதப்படாத ‘செயலிழந்தது’ எதிலும் எந்தத் துறைத்தலைவரும் கையொப்பமிடக் கூடாது.